மதியத்துக்கு மேல் ஸ்டம்ப் சிவந்து வலித்தால்: முதலில் பார்க்க வேண்டியது தோலை அல்ல, சாக்கெட்டை

கேள்வி: முழங்காலுக்குக் கீழே கால் எடுத்து ஐந்து மாதமாகிறது. செயற்கைக் கால் போட்டு ஏழு வாரம். காலையில் நன்றாக நடக்கிறேன். மதியத்துக்கு மேல் முட்டிச் சில்லுக்குக் கீழேயும் ஸ்டம்ப் நுனியிலும் வலி, சிவப்பு. தோல் காய்ப்பு ஏறினால் சரியாகிவிடும் என்று கால் வாங்கிக்கொடுத்தவர் ஒரு களிம்பு விற்றார். தடவியும் பலனில்லை. பொறுத்துக்கொள்வதா, வேறு கால் வாங்குவதா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். களிம்பை எடுத்து ஓரமாக வையுங்கள். நீங்கள் சொல்லும் இரண்டு இடங்களையும் நேரத்தையும் வைத்துப் பார்த்தால், உங்கள் ஸ்டம்ப், அதாவது எடுத்தபின் மீதமிருக்கும் கால், சுருங்கியிருக்கிறது. அது நுழையும் கூடான சாக்கெட் தளர்ந்திருக்கிறது. பெரும்பாலும் ஸ்டம்ப்பின் மேல் ஒரு மெல்லிய சாக்ஸ் கூடுதலாகப் போட்டால் தீரக்கூடிய விஷயம் இது.

அறுவை சிகிச்சையில் ஏறிய வீக்கம் மாதக்கணக்கில் மெல்ல வடியும். வேலை இல்லாத தசையும் மெலியும். ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை இது நடந்துகொண்டே இருக்கும். அது போதாதென்று ஒரே நாளுக்குள்ளும் ஸ்டம்ப் சுருங்குகிறது. ஒவ்வோர் அடி வைக்கும்போதும் சாக்கெட் சதையை அழுத்தி நீரை மேலே தள்ளுவதால், காலையில் இருந்த பருமன் மதியம் இருப்பதில்லை. சாக்கெட்டோ கடினமான கூடு. அது கூடவே சுருங்காது.

சாக்கெட்டின் முன்பக்கம் உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள். ஒரு மேடு தட்டுப்படும். முட்டிச் சில்லுக்கும் அதன் கீழே உள்ள எலும்புப் புடைப்புக்கும் நடுவே ஒரு தசைநார் இருக்கிறது, விரலால் அழுத்தினால் கொஞ்சம் அமுங்கிக்கொடுக்கும். அந்த மேடு அங்கேதான் உட்கார வேண்டும். அந்த இடம் எடையைத் தாங்கும், முட்டிச் சில்லு தாங்காது. ஸ்டம்ப் சுருங்கி சாக்கெட்டுக்குள் சற்றே கீழே இறங்கினால்கூட மேடு சில்லின் அடி விளிம்பில் போய் இடிக்கும், நுனி சாக்கெட்டின் அடியில் முட்டும். உங்கள் வலி சரியாக இந்த இரண்டு இடங்களில்தான் இருக்கிறது.

உறுதி செய்ய எளிய சோதனை ஒன்று உண்டு. பிள்ளைகள் விளையாடும் களிமண்ணைக் கோலிக்குண்டு அளவு உருட்டி, மெல்லிய பிளாஸ்டிக் தாளில் சுற்றி, சாக்கெட்டின் அடியில் போடுங்கள். வழக்கம்போல் காலை மாட்டி, முழு எடையையும் வைத்து நின்று, நாலடி நடந்துவிட்டுக் கழற்றிப் பாருங்கள். உருண்டை அப்பளமாக நசுங்கியிருந்தால் நுனி அடியில் இடிக்கிறது. ஓரளவு தட்டையாகியிருந்தால் சரி. உருண்டையாகவே இருந்தால் ஸ்டம்ப் அடிவரை போகவே இல்லை. இதைக் காலையில் ஒருமுறை, வலி வந்த பிறகு ஒருமுறை செய்யுங்கள், வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். ஸ்டம்ப்பின் மேல் மாட்டும் மெத்தென்ற உறையான லைனரின் அடியில் ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருந்து, அது சாக்கெட்டில் பூட்டிக்கொள்ளும் வகைக் காலுக்கு இந்தச் சோதனை ஆகாது. அவர்கள் மாட்டும்போது கேட்கும் 'கிளிக்' சத்தத்தை எண்ண வேண்டும். எண்ணிக்கை வழக்கத்தைவிடக் கூடினால் ஸ்டம்ப் ஆழமாக இறங்குகிறது.

இனி சாக்ஸ். ஸ்டம்ப் சாக்ஸின் தடிமனை ப்ளை என்ற கணக்கில் சொல்வோம். 1, 3, 5 ப்ளை என்று கிடைக்கும். நீங்கள் காலையில் 3 ப்ளை போடுவதாக வைத்துக்கொள்வோம். வலி மதியத்துக்கு மேல் வருகிறது என்றால் அதற்குக் காத்திருக்காமல் பதினோரு மணிக்கே உட்கார்ந்து காலைக் கழற்றி, 1 ப்ளை சாக்ஸ் ஒன்றைச் சேர்த்துப் போட்டு நடந்து பாருங்கள். மூன்று மணிக்கு மறுபடி இறங்குவதுபோல் இருந்தால் இன்னொன்று. எப்போதும் ஒவ்வொன்றாகத்தான் ஏற்ற வேண்டும், ஒரேயடியாக 5 ப்ளையை ஏற்றக் கூடாது. ஒரு சின்ன நோட்டில் நேரத்தையும் ப்ளையையும் எழுதி வாருங்கள். சாக்ஸில் ஒரு மடிப்புக்கூட இருக்கக் கூடாது. மாலைக்குள் அந்த மடிப்பே கொப்புளமாகிவிடும். ஜெல் அல்லது சிலிகான் லைனர் போடுபவர்கள் சாக்ஸை லைனருக்கு மேலேதான் போட வேண்டும். லைனர் தோலோடு ஒட்டியிருக்க வேண்டும்.

காலையிலேயே 10 ப்ளைக்கு மேல் தேவைப்படும் நாள் வந்தால் சாக்ஸின் வேலை முடிந்தது. அதற்குமேல் ஏற்றினால் ஸ்டம்ப் துணி மூட்டைக்குள் ஆடும், சாக்கெட்டின் மேடு பள்ளங்கள் எலும்போடு பொருந்தாமல் போகும். அப்போது சாக்கெட்டுக்கு உள்ளே திண்டு ஒட்டிச் சரி செய்யவோ புது சாக்கெட் எடுக்கவோ வேண்டும். மாற்ற வேண்டியது சாக்கெட் மட்டுமே. பாதமும் குழாயும் பெரும்பாலும் அப்படியே இருக்கலாம். இதை விற்பவர்கள் சொல்ல மாட்டார்கள்.

இந்தச் சாக்ஸ் யோசனை நேர் எதிராகப் போகிற ஒரு நிலை உண்டு. அதை விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கேயும் வலி நுனியில்தான் வரும். சாக்கெட்டின் மேல்பகுதி இறுக்கமாக இருந்து, நுனி அடியில் எதையும் தொடாமல் தொங்கினால், மேலே கழுத்தைப் பிடித்ததுபோல் இரத்தமும் நீரும் திரும்பிப் போக முடியாமல் நுனியில் தேங்கும். தோல் முதலில் சிவக்கும், பிறகு கத்தரிப்பூ நிறமாகும், கசியும். மாதக்கணக்கில் விட்டால் மரப்பட்டைபோல் தடித்து மருமருவாக எழும்பும். என்னிடம் ஒரு அம்மா வந்தார். நுனி வலிக்கிறது என்று சொன்னதும் யாரோ சாக்ஸ் ஏற்றச் சொல்லியிருக்கிறார்கள். வலி கூடக் கூட அவரும் ஏற்றிக்கொண்டே போய், வந்த அன்று ஏழு சாக்ஸ் போட்டிருந்தார். கழற்றியபோது நுனி கருநீலமாக, விரலால் அழுத்தினால் குழி விழும்படி இருந்தது. களிமண் உருண்டை போட்டுப் பார்த்தோம், உருண்டையாகவே வெளியே வந்தது. நான் சாக்ஸைக் குறைத்து, சாக்கெட்டின் மேல்பகுதியைத் தளர்த்தி, அடியில் நுனியைத் தாங்கும்படி மெத்தென்ற திண்டு ஒன்று வைத்துக் கொடுத்தேன். தடித்த தோல் மெல்ல இறங்கியது. தோலில் செய்ய வேண்டிய வைத்தியம் எதுவும் அங்கே இருக்கவில்லை. ஆகவே சாக்ஸ் ஏற்றிய பிறகு கால் உள்ளே முழுதாகப் போகாமல் நின்றாலோ, செயற்கைக் கால் நீளமாகிவிட்டதுபோல் தோன்றினாலோ, நுனி ஊதா நிறமானாலோ, உடனே ஒரு சாக்ஸைக் குறையுங்கள். குறைத்தும் ஊதா நிறம் போகவில்லை என்றால் காலைக் கழற்றி வைத்துவிட்டு நிபுணரிடம் போங்கள்.

காய்ப்பு விஷயத்துக்கு வருகிறேன். உள்ளங்கால் தோல் எடை தாங்கப் பிறந்தது, கெண்டைக்கால் தோல் அப்படியல்ல. ஸ்டம்ப்பில் ஓரிடத்தில் மட்டும் தோல் தடித்தால், சாக்கெட் அங்கே தவறாக அழுத்துகிறது என்று பொருள். அந்தத் தடிப்புதான் பிறகு வெடித்துப் புண்ணாகும். காய்ப்பு ஏறட்டும் என்று சொல்பவர், சாக்கெட்டைத் திருத்தும் வேலையைத் தட்டிக்கழிக்கிறார்.

சிவப்பெல்லாம் ஆபத்தும் அல்ல. காலைக் கழற்றியதும் கடிகாரத்தைப் பாருங்கள். எடை தாங்கும் இடங்களில் உள்ள சிவப்பு பத்து நிமிடத்தில் மங்க வேண்டும். மங்காமல் நின்றாலோ, விரலால் அழுத்தி எடுத்தபோது ஒரு கணமாவது வெளுக்காமல் சிவப்பாகவே இருந்தாலோ, அந்த இடம் நசுங்குகிறது. சாக்ஸைச் சரிசெய்யும்வரை ஒரு மணி நேரம் போடுங்கள், கழற்றுங்கள், கைக்கண்ணாடி பிடித்து நுனியையும் பின்பக்கத்தையும் பாருங்கள். கொப்புளமோ தோல் உரிவோ இருந்தால் ஆறும்வரை காலே போடக் கூடாது. கொப்புளத்தைக் குத்தவும் வேண்டாம். சர்க்கரை நோயால் உணர்ச்சி மங்கியவர்களுக்கு வலி எச்சரிக்கை தராது. அவர்கள் கண்ணால் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும்.

ஸ்டம்ப்பை இரவில் கழுவுங்கள். காலையில் கழுவி ஈரம் முழுதும் காயாமல் சாக்கெட்டுக்குள் விட்டால் தோல் ஊறி, ஒட்டி, இழுபடும். மணமில்லாத மென்மையான சோப்புப் போதும், ஆனால் சோப்பு துளியும் மிஞ்சாமல் அலச வேண்டும். மிஞ்சிய சோப்பு மறுநாள் வியர்வையில் கரைந்து அரிக்கும். லைனரையும் சாக்ஸையும் அன்றன்றே துவைத்துக் காயப் போடுங்கள். ஸ்பிரிட் தடவினால் தோல் வறண்டு வெடிக்கும். முடியை மழித்தால் வேர்க்கால்களில் கொப்புளம் வரும். எண்ணெய், கிரீம் எதுவானாலும் படுக்கும்போது மட்டும். காலையில் தடவினால் தோல் மெத்துப்போய் உராய்வில் உரியும். கால் போடாத நேரத்தில் எலாஸ்டிக் பேண்டேஜோ அழுத்த உறையோ கட்டியிருங்கள். கட்டாமல் தூங்கினால் இரவில் ஊதி, காலையில் கால் நுழையாது.

வேறு கால் வாங்கச் சொல்கிறவர் உங்களிடம் பேசுவதெல்லாம் பாதத்தைப் பற்றியும் அது எந்த நாட்டில் செய்தது என்பதைப் பற்றியுமாக இருக்கும். வலிப்பது சாக்கெட்டில். ஸ்டம்ப் சுருங்கிக்கொண்டிருக்கும்போது விலையுயர்ந்த 'கடைசிக் கால்' என்று எதையும் வாங்காதீர்கள். சில வாரங்கள் தொடர்ந்து ஒரே ப்ளை எண்ணிக்கை நின்றால்தான் அளவு நிலைத்திருக்கிறது என்று பொருள். ஸ்டம்ப்பைக் கையால் தொட்டு அச்சு எடுக்காமல் அல்லது ஸ்கேன் செய்யாமல், நாடாவால் இரண்டு சுற்றளவு மட்டும் எடுத்துக்கொண்டு போகிறவரிடம் சாக்கெட் செய்யவே செய்யாதீர்கள்.

எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். காலைக் கையில் கொடுத்த அன்றே 'பொருத்தப்பட்டது' என்று எழுதிக் கோப்பை மூடிவிடுகிறார்கள். உண்மையில் வேலை ஆரம்பிப்பதே அன்றுதான். மறுபார்வைக்கு ஆறு மாதம் கழித்துத் தேதி கொடுக்கிறார்கள், அதற்குள் ஸ்டம்ப் வேறு அளவாகிவிடுகிறது. அறுவை மருத்துவரைக் கேட்டால் சாக்கெட் செய்தவரைக் கேளுங்கள் என்கிறார், அவரைக் கேட்டால் தோல் மருத்துவரைப் பாருங்கள் என்கிறார். நடுவில் நிற்கிறவர் களிம்பு விற்கிறார். அந்தத் தேதிக்குக் காத்திருக்காதீர்கள். இரண்டு வாரத்து நோட்டு, நசுங்கிய களிமண் உருண்டை, மாலையில் சிவந்திருக்கும்போது எடுத்த படம், இவற்றோடு மதியத்துக்கு மேல் போய் நில்லுங்கள். காலையில் போனால் ஸ்டம்ப் பருமனாக, எல்லாம் பொருந்தியிருக்கும், ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடுவார்கள்.