நந்தி ஹில்ஸ் பனோரமா பெயின்டிங் ஸ்டைல்ல

"9000×2000 போட்டோவை துண்டு துண்டா img2img-ல ஓட்டினேன், ஒவ்வொரு துண்டும் வேற ஸ்டைல், அடிவானமும் வளைஞ்சிருக்கு."

ஒவ்வொரு துண்டும் பக்கத்து துண்டை பாக்காம தனியா முடிவெடுக்குதுங்க, அதான் பிரச்சனை. நான் பெங்களூர்ல எடுத்த பனோரமாக்கு செஞ்சது இது: முதல்ல ஒரிஜினல்லயே அடிவானத்தை நேராக்கிடுங்க, ஜிம்ப்ல மேல் ரூலர்ல இருந்து ஒரு கைடு கோடு இழுத்து ரெண்டு ஓரம், நடுன்னு மூணு இடத்துல ஒட்டுதான்னு பாருங்க, நடுவுல மட்டும் விலகுனா அது சாய்வு இல்ல, போட்டோக்களை சேர்த்து ஒட்டும்போதே வந்த வளைவு, ரொட்டேட் பண்ணா போகாது, ஹியூகின்ல அடிவானத்துல கிடைமட்டக் கோட்டுக்கான கன்ட்ரோல் பாயின்ட் வச்சு மறுபடி ஒட்டணும். அப்புறம் முழுப் படத்தையும் 2304×512-ஆ சுருக்கி, ஒரே தடவையில டினாய்ஸிங் 0.5-ல ஓட்டுங்க, கூடவே கேனி கன்ட்ரோல்நெட் போட்டா மலைக்கோடு அசையாது. நிறமும் பிரஷ்ஷும் இங்கயே முடிவாயிடும். அதைப் பெருசாக்கின பிறகுதான் துண்டு, 256 பிக்சல் ஓவர்லேப், டினாய்ஸிங் 0.25. வானத்துல திரும்பவும் செங்குத்தா கோடு தெரிஞ்சா அந்த 0.25-ஐ இன்னும் குறைங்க.