படக் கருவி உறையில் எழுத்துகளைச் சிதைப்பது ஏன்?

கேள்வி: வீட்டில் செய்யும் முறுக்குக்குச் செயற்கை நுண்ணறிவுப் படக் கருவியில் உறை வரைந்தால், எழுத்து மட்டும் பிழையாகவே வருகிறது. என்ன செய்யலாம்?

பதில்: பல படக் கருவிகள் எழுத்துருவைக் கொண்டு எழுதுவதில்லை, கோடுகளின் தோற்றத்தைத்தான் வரைகின்றன. நீங்கள் தரும் சொல்லும் அவற்றுக்கு எழுத்தெழுத்தாகப் போய்ச் சேராமல் துண்டுகளாகவே சேர்வதால், "முறுக்கு" என்பதில் புள்ளி விடுபட்டு "முறுககு" ஆகிவிடும். "கொத்தமல்லி"யில் ககரத்தின் இருபுறமும் நிற்க வேண்டிய குறிகளுள் ஒன்று காணாமற்போகும். ஸ்டேபிள் டிஃப்யூஷன் போன்ற படக் கருவிகள் படத்தின் எட்டுக்கு எட்டு படப்புள்ளிக் கட்டம் ஒவ்வொன்றையும் ஒன்றாகச் சுருக்கி வேலை செய்வதால், சிறிய எழுத்து முதலில் கரையும்.

ஆகவே சொற்களைக் கருவியிடம் ஒப்படைக்காதீர்கள். பெயர் எழுத மேலே ஒரு வெற்றுப் பட்டையும், சேர்பொருள் பட்டியலுக்குப் பின்புறம் ஒரு வெள்ளைக் கட்டமும் விட்டு, எழுத்தே இல்லாத படம் கேளுங்கள். பெயரை இங்க்ஸ்கேப் என்ற வரைகலைச் செயலியில் தமிழ் எழுத்துருவால் தட்டச்சிடுங்கள். சிங்கப்பூரில் சேர்பொருள் பட்டியல் ஆங்கிலத்தில், 1.5 மில்லிமீட்டருக்குக் குறையாத உயரத்தில் இருக்க வேண்டும்; நிலக்கடலை, பால் போன்ற ஒவ்வாமைப் பொருள்களைக் கருவியின் கற்பனைக்கு விடுவது ஆபத்து. அச்சகத்துக்கு அனுப்புமுன் எழுத்துகளைக் கோட்டுருவாக மாற்றுங்கள். இல்லையெனில் அங்குள்ள கணினியில் எழுத்துரு மாறிக் கொம்பு இடம்பெயரும். பிறகு, உறையை அறியாத ஒருவரிடம் கொடுத்து, கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கிப் படிக்கச் சொல்லுங்கள்.