தேயிலை ஃபெக்டரியின் விறகுப் புகை காபன் கணக்கில் எங்கே போகிறது?

கேள்வி: எங்கள் தோட்டத்து ஃபெக்டரியில் விறகுதான் எரிக்கிறார்கள். விறகு பசுமை எரிபொருள், அதனால் காபன் கணக்கு பூச்சியம் என்கிறார்கள். அது சரியா? கம்பனியின் ஆண்டறிக்கையில் இலாப நட்டத்தோடு இதை எப்படிச் சேர்க்கிறார்கள்?

பதில்: பூச்சியம் இல்லை. ஆனால் விறகுப் புகை முழுவதும் ஒரே இடத்தில் எழுதப்படுவதும் இல்லை. ஹட்டன் பக்கம் தோட்டக் கணக்குகளோடு வேலை செய்கிறவன் என்பதால், ஒரு கணக்கையே போட்டுக் காட்டுகிறேன்.

வருடத்துக்கு 6 இலட்சம் கிலோ தேயிலைத்தூள் செய்யும் ஃபெக்டரி ஒன்று, கொழுந்து வாட்டவும் தூள் உலர்த்தவும் 1,000 தொன் விறகு எரிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஐநாவின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் பொதுக் காரணிகளின்படி ஒரு தொன் காய்ந்த விறகில் 15.6 கிகாஜூல் வெப்பம் இருக்கிறது. அந்த வெப்பத்துக்கு அதே காரணிகள் தரும் உமிழ்வு அளவின்படி 1,000 தொன்னிலிருந்து கிட்டத்தட்ட 1,750 தொன் காபனீரொட்சைட்டு வெளியேறும். இது மரம் வளரும்போது காற்றிலிருந்து எடுத்தது என்பதால், கம்பனிகள் காபன் கணக்குப் போடும் சர்வதேச முறையான ஜிஎச்ஜி புரொட்டோகோலின் கம்பனி நியமம் இதை ஸ்கோப் 1, 2, 3 என்ற மூன்று உமிழ்வுப் பிரிவுகள் எதிலும் சேர்க்காமல் தனி வரியாகக் காட்டச் சொல்கிறது. தனியாகக் காட்டு என்றுதான் சொல்கிறது, விட்டுவிடு என்று சொல்லவில்லை. பல அறிக்கைகளில் அந்த வரியையே காணோம். 'விறகு என்றால் பூச்சியம்' என்ற பேச்சு அங்கிருந்துதான் கிளம்புகிறது.

அதே அடுப்பிலிருந்து கொஞ்சம் மெதேனும் நைதரசு ஒட்சைட்டும் வருகின்றன. மரம் இவற்றைத் திரும்ப எடுத்துக்கொள்வதில்லை. ஆகவே இவை நேராக ஸ்கோப் 1க்குள், அதாவது கம்பனியின் சொந்த நேரடி உமிழ்வுக்குள் போகும். நம் 1,000 தொன் விறகுக்கு மெதேன் 468 கிலோ, நைதரசு ஒட்சைட்டு 62 கிலோ. காபனீரொட்சைட்டோடு ஒப்பிட்ட அவற்றின் வெப்பமூட்டும் வலுவால் (27, 273) பெருக்கினால் இரண்டும் சேர்ந்து சுமார் 30 தொன் காபனீரொட்சைட்டுச் சமானம். ஒரே புகைக்கூண்டுதான், ஆனால் 1,750 வெளியே, 30 உள்ளே. அறிக்கையை வாசிக்கிறவர் இரண்டையும் பார்க்க வேண்டும்.

சரி, அந்த 1,000 தொன் எங்கிருந்து வந்தது? உண்மையான சிக்கல் இங்கேதான். விறகை யாரும் தொன்னில் வாங்குவதில்லை. லொறியில் வரும், அடுக்கி வைத்துக் கனமீட்டரில் அளப்பார்கள். அடுக்குக்குள் இருக்கும் காற்றும் அந்தக் கனமீட்டரில் சேரும். கோணல் கட்டையாக இருந்தால் இடைவெளி இன்னும் கூடும். அப்புறம் ஈரம். அப்போதுதான் வெட்டிய டர்பன்டைன் மரக் கட்டையின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர்தான். அதிலிருந்து தொன்னுக்குக் கிடைப்பது 8 கிகாஜூல் அளவே. அதைப் பச்சையாக நிறுத்துவிட்டு 15.6ஆல் பெருக்கினால் உமிழ்வு கிட்டத்தட்ட இரட்டிப்பாகத் தெரியும். ஆகவே எடையோடு ஈரப்பத அளவும் பதிவில் இருக்க வேண்டும். கட்டையைப் பிளந்து உள் முகத்தில் ஈரமானியின் ஊசியைக் குத்திப் பார்க்க வேண்டும். வெளிப்பட்டையில் குத்தினால் காய்ந்த விறகு மாதிரிதான் காட்டும்.

ஈரத்தைக் கண்டுபிடிக்க இன்னொரு வழி, மாதாமாதம் ஒரு கிலோ தூளுக்கு எத்தனை கிலோ விறகு போனது என்று பார்ப்பது. நம் உதாரணத்தில் அது 1.67. தென்மேற்குப் பருவமழை மாதத்தில் 2.3க்கு ஏறினால், கொழுந்தும் ஈரம், விறகுக் கொட்டகையும் ஒழுகுகிறது என்று அர்த்தம். மழையே இல்லாத மாதத்தில் ஏறினால் அளவுப் புத்தகத்தைச் சந்தேகப்படுங்கள். வருட முடிவில் பழைய மாதங்களின் பதிவை ஒரே உட்காரலில் எழுதியிருந்தால், இந்த விகிதம் பன்னிரண்டு மாதமும் ஒரே மாதிரி வரும். எந்த ஃபெக்டரியும் உண்மையில் அப்படி ஓடுவதில்லை.

இனி நிதிக்கூற்று. இலங்கையில் பட்டியலிடப்பட்ட பெரிய கம்பனிகளுக்கு 2025இலிருந்து காலநிலை உள்ளிட்ட நிலைபேறு அறிக்கைக்கான எஸ்எல்எஃப்ஆர்எஸ் எஸ்1, எஸ்2 நியமங்கள் வந்திருக்கின்றன. இவை 2023இல் வெளியான சர்வதேச நியமங்களை ஒட்டியவை. இவற்றின் முக்கியமான கோரிக்கை என்று நான் நினைப்பது, காபன் அறிக்கைக்கும் நிதிக்கூற்றில் உள்ள அதே நிறுவனம், அதே காலப்பகுதி, அதே நேரத்தில் வெளியீடு என்பதுதான். அப்படி இரண்டும் அருகருகே வந்துவிட்டால் ஒன்றை வைத்து மற்றதைச் சோதிக்கலாம்.

வெளியாரிடம் வாங்கிய விறகுக்கு பில் இருக்கும். தோட்டத்தின் சொந்த மரத்தை வெட்டினால் பில் இல்லை. வெட்டியவர்களின் சம்பளம் செக்ரோலில், லொறிச் செலவு போக்குவரத்துக் கணக்கில் என்று சிதறிக் கிடக்கும். எரிபொருள் செலவை மட்டும் பார்த்துக் காபன் கணக்குப் போடுகிறவர் இந்த விறகை முழுவதுமாகத் தவறவிடுவார். ஆனால் விவசாயத்துக்கான கணக்கீட்டு நியமமான எல்கேஏஎஸ் 41இன்படி வெட்டுமரத் தோட்டம் உயிரியல் சொத்து. வருடாவருடம் நியாயப் பெறுமதி பார்த்து, அறுவடையால் எவ்வளவு குறைந்தது என்று குறிப்பில் காட்ட வேண்டும். அந்தக் குறிப்புக்குப் பின்னால் வெட்டப்பட்ட மரங்களின் அளவுப் பட்டியல் இருக்கும். அதில் மரமாக விற்றதைக் கழியுங்கள். மிச்சம் ஃபெக்டரிக்கு வந்த சொந்த விறகோடு ஏறக்குறைய ஒத்துப் போக வேண்டும். ஐந்தொகைக் குறிப்பில் மரம் குறைந்து, காபன் கணக்கில் விறகு கூடாமல் இருந்தால், கணக்காய்வாளர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

உமிழ்வை எதால் வகுக்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். விற்பனை ரூபாயால் வகுத்தால் 2022ஐ நினைத்துப் பாருங்கள். அந்த வருடம் டொலர் 200 ரூபாய் அளவிலிருந்து சில மாதத்தில் 360 அளவுக்குப் போனது. டொலர் விலையை ஒட்டி விற்பனை ரூபாயும் ஏறும்போது, ஒரு கட்டை விறகுகூட மிச்சப்படுத்தாமலேயே ரூபாய்க்கான உமிழ்வு இறங்கிவிடும். செய்த தூளின் கிலோவால் வகுப்பதுதான் நேர்மையானது. விற்ற கிலோவும் வேண்டாம். விற்காத தூளின் பெறுமதி இருப்பாக ஐந்தொகைக்குப் போய் அடுத்த வருடத்துக்குக் காத்திருக்கும். அதைச் செய்தபோது எழுந்த புகை இந்த வருடத்தோடேயே முடிந்தது.

ஒன்றை மட்டும் சேர்த்துவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் புகைக்கூண்டையே பார்க்கிறார்கள். அதே தோட்டம் மலைக்கு 100 தொன் யூரியா போட்டால், அதிலுள்ள 46 தொன் நைதரசனில் நூற்றுக்கு ஒன்று என்ற பொதுக் காரணிப்படி மண்ணிலிருந்து எழும் நைதரசு ஒட்சைட்டு ஏறக்குறைய 197 தொன் சமானம். யூரியாவிலிருந்து வரும் காபனீரொட்சைட்டு இன்னும் 73. அடுப்பின் 30க்குப் பக்கத்தில் 270. இரசாயன உர இறக்குமதியை 2021இல் நிறுத்தியபோது இந்த எண் சரிந்தது, ஆனால் கொழுந்தும் சரிந்தது. நாட்டின் தேயிலை உற்பத்தி 2021இல் சுமார் 299 மில்லியன் கிலோ, 2022இல் 251 மில்லியன். ஆகவே உங்கள் கம்பனி 'இத்தனை வீதம் குறைத்தோம்' என்று எழுதியிருந்தால், எந்த வருடத்தோடு ஒப்பிட்டது என்று அடிக்குறிப்பில் தேடுங்கள். இந்த இரண்டு வருடங்களில் ஒன்று ஒப்பீட்டில் இருந்தால், உற்பத்தி எண்ணையும் பக்கத்தில் எழுதிக்கொண்டு மறுபடி வகுத்துப் பாருங்கள்.