இல்லாத நண்பனின் பிறந்தநாள்

வணக்கம். முதுகலை படிக்க வெளிநாடு வந்து 11 வாரம் ஆகிறது. இங்கே யாருக்கும் யார் மேலும் அக்கறை இல்லை. வகுப்பில் சிரித்துச் சிரித்துப் பேசுகிறார்கள், வாசலைத் தாண்டியதும் முன்பின் தெரியாதவர்கள் மாதிரி போய்விடுகிறார்கள். விடுதியில் ஒரே சமையலறையை ஆறு பேர் பயன்படுத்துகிறோம். ஒரு 'ஹாய்', அதற்கு மேல் வார்த்தை கிடையாது.

மதியம் 1 மணிக்குத்தான் வீட்டுக்கு நிதானமாகப் பேச முடியும், அங்கே அப்போது மாலை 6. ஆய்வகத்தில் என்னோடு வேலை செய்கிறவன் இரண்டு முறை சாப்பிடக் கூப்பிட்டான். அம்மா காத்திருப்பார் என்று போகவில்லை. அதற்குப் பிறகு அவனும் கூப்பிடவில்லை. இவர்கள் நட்பு அவ்வளவுதான்.

மாலை 5 மணிக்கு மேல் வீட்டில் எல்லோரும் தூங்கிவிடுவார்கள். பிறகு நானும் நாலு சுவரும்தான். இரவு 1 மணிக்கு அங்கே விடியும், அம்மா எழுந்ததும் அரை மணி நேரம் பேசிவிட்டுத்தான் படுப்பேன். காலை 9 மணி வகுப்பை இந்த மாதம் நான்கு முறை விட்டுவிட்டேன். இவ்வளவு பேசியும் போனை வைத்ததும் முன்னைவிட மோசமாக இருக்கிறது. அம்மா கவலைப்படக் கூடாதே என்று இரண்டு நண்பர்கள் கிடைத்திருப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறேன். ஒருவனுக்குப் பெயர்கூட வைத்தாயிற்று, போன வாரம் அவன் பிறந்தநாளுக்குப் போனதாகவும் சொன்னேன். இப்போது அவனை வீடியோவில் காட்டச் சொல்கிறார். அதை விடுங்கள், அது பெரிய விஷயமில்லை.

23 வயதில் வீட்டை நினைத்து அழுகிறேன் என்று யாரிடம் சொல்ல? இந்த ஊர் மனிதர்களே இப்படித்தானா? படிப்பை விட்டுவிட்டு வந்துவிடலாமா?

— பெயர் வேண்டாம்

*

அன்புள்ள தம்பிக்கு,

'அதை விடுங்கள்' என்கிறீர்கள். கடிதத்தில் என்னால் விட முடியாத இடம் அது ஒன்றுதான்.

போனை வைத்ததும் ஏன் இன்னும் மோசமாக இருக்கிறது என்பதற்குத் தூரம் காரணம் என்று நினைக்கிறீர்கள். தூரம் காரணமாக இருந்தால், பேசும்போது கொஞ்சமாவது ஆற வேண்டும். உங்களுக்கு ஆறாததற்குக் காரணம் வேறு. அம்மா தினமும் ஒரு பையனிடம் பேசுகிறார். அவனுக்கு இரண்டு நண்பர்கள், போன வாரம் பிறந்தநாள் விருந்துக்குப் போய் வந்தான். அம்மாவின் சிரிப்பு, நிம்மதி, 'நல்லா இருடா' எல்லாம் அவனுக்குப் போய்ச் சேருகிறது. அழுதுகொண்டிருக்கும் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பேச்சை ஒட்டுக்கேட்கிறீர்கள். வீட்டை விட்டு வந்தபோது வீடுதான் தூரமானது. இந்தக் கதையைத் தொடங்கிய நாளிலிருந்து அம்மாவும் தூரமாகிவிட்டார். ஒரு நாளைக்கு இரண்டு முறை பேசியும் உங்கள் நிலைமை தெரிந்த ஆள் உலகத்தில் ஒருவரும் இல்லை. வீட்டு ஏக்கம் தனிமையாக மாறிய இடம் இதுதான்.

பொய் சொன்னதற்காக உங்களைத் திட்டப்போவதில்லை. வெட்கத்தில் சொன்னது அது. ஆனால் வெட்கப்பட வேண்டிய நோய் இல்லை இது. வீட்டு ஏக்கத்துக்கு முதன்முதலில் 'நாஸ்டால்ஜியா' என்று மருத்துவப் பெயர் வைத்தவர் யோஹானஸ் ஹோஃபர். 1688-ல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் எழுதிய மருத்துவ ஆய்வேட்டில் அவர் விவரித்தவர்களில் ஒருவன், பெர்ன் நகரிலிருந்து அங்கே படிக்க வந்த மாணவன். இரண்டு ஊருக்கும் இடையே ஏறக்குறைய 100 கிலோமீட்டர்தான். அந்தத் தூரத்துக்கே ஒருவன் படுத்த படுக்கையானான்.

அந்த இல்லாத நண்பனைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அவனாகவே வந்தான், அவனாகவே விருந்துக்குக் கூப்பிட்டான். நீங்கள் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. நிஜத்தில் ஒருவன் இரண்டு முறை கூப்பிட்டான், இரண்டு முறையும் நீங்கள் போகவில்லை. இங்கே நான் அவன் பக்கம்தான் தம்பி. அம்மா காத்திருக்கிறார் என்பது அவனுக்குத் தெரியாது. இரண்டு முறை மறுக்கப்பட்டவன் மூன்றாவது முறை கேட்காமல் இருப்பது மரியாதை, அலட்சியம் இல்லை. மூன்றாவது அழைப்பு உங்களுடையது.

வகுப்பில் சிரித்துவிட்டு வாசலில் பிரிந்துபோகிறார்கள் என்ற குறைக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். புதிதாக ஊர் மாறியவர்களையும் கல்லூரி முதலாண்டு மாணவர்களையும் வைத்து, கான்சஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் நடத்திய ஆய்வு 2018-ல் வெளிவந்தது. அறிமுகமானவர் சாதாரண நண்பராக மாறச் சுமார் 50 மணி நேரம், நண்பராகச் சுமார் 90, நெருங்கிய நண்பராக 200-க்கும் மேல் என்பது அதன் கணிப்பு. சேர்ந்து வேலை செய்த நேரத்துக்கு அதில் மதிப்பு குறைவு, சும்மா இருந்த நேரத்துக்குத்தான் மதிப்பு. ஆகவே ஆய்வக மணிகளைக் கழித்துவிடுங்கள். மதியச் சாப்பாடு 45 நிமிடம், வாரம் மூன்று நாள் என்றால் இரண்டே கால் மணி நேரம். முதல் வாரமே தொடங்கியிருந்தாலும் இன்றைக்கு 25 மணி நேரம்தான் சேர்ந்திருக்கும், அதாவது பாதி வழி. 11 வாரத்தில் நண்பன் கிடைக்காதது உங்கள் தோல்வியும் இல்லை, அந்த ஊர்க்காரர்களின் குணமும் இல்லை. கணக்கு இன்னும் தொடங்கவே இல்லை, அவ்வளவுதான். அது தொடங்க வேண்டிய அந்த 45 நிமிடத்தில் நீங்கள் போனில் இருந்தீர்கள்.

அதனால் முதல் வேலை அம்மாவிடம்.

நண்பன் வேறு ஊருக்குப் போய்விட்டான் என்றோ, சண்டை வந்துவிட்டது என்றோ கதையை முடித்துவிடத் தோன்றும். அப்படிச் செய்யாதீர்கள். அவனுக்காக அம்மா வருத்தப்படுவார், அடுத்த நண்பனை விசாரிப்பார், நீங்கள் இன்னொருவனைப் பெற்றெடுக்க வேண்டியிருக்கும். இரவு 1 மணி அழைப்பில் சொல்லவும் வேண்டாம். அங்கே அம்மா அப்போதுதான் எழுந்திருப்பார், இங்கே நீங்கள் அசந்திருப்பீர்கள். அந்த நேரத்தில் இரண்டு பேரும் அழுவதோடு பேச்சு நின்றுவிடும். விடுமுறை நாளில், அம்மாவுக்கு வேலை முடிந்து கை ஓய்ந்திருக்கும் நேரமாகப் பார்த்துக் கூப்பிடுங்கள்.

முதல் வரி உங்கள் உடம்பைப் பற்றியதாக இருக்கட்டும்: "அம்மா, எனக்கு ஆபத்து ஒன்றும் இல்லை, உடம்பு சரியாக இருக்கு." இதைச் சொல்லாமல் தொடங்கினால் அடுத்த எதுவும் அவர் காதில் விழாது. பிறகு ஒரே மூச்சில்: "எனக்கு இங்கே இன்னும் நண்பர்கள் கிடைக்கல. கிடைச்சதா சொன்னது பொய், அந்தப் பிறந்தநாளும் பொய். நீங்க பயப்படுவீங்கன்னு சொன்னேன்." இதற்குமேல் விளக்கம் வேண்டாம், நிறுத்திவிடுங்கள். அவர் அழலாம், கோபப்படலாம், 'கிளம்பி வந்துடு' என்று உடனே சொல்லலாம். அந்த 'வந்துடு' முடிவு இல்லை, பதற்றம். 'இந்தப் பருவத் தேர்வு முடியட்டும், அப்புறம் பேசலாம்' என்று தள்ளிவையுங்கள். படிப்பை விடலாமா என்று என்னிடம் கேட்டதற்கும் என் பதில் அதுதான். தூக்கம் கெட்ட மூளையோடு அந்த முடிவை எடுக்காதீர்கள்.

அம்மாவுக்கும் ஒரு வேலை கொடுங்கள். 'யாரைப் பார்த்தே?' என்று கேட்க வேண்டாம், 'இன்னைக்கு எந்த நேரம் கஷ்டமா இருந்துச்சு?' என்று கேட்கச் சொல்லுங்கள். முதல் கேள்விக்குப் பொய் சொல்லத் தோன்றும், இரண்டாவதற்குத் தோன்றாது.

பேச்சை நிறுத்தச் சொல்லவில்லை, இடம் மாற்றச் சொல்கிறேன். உங்கள் மாலை 4 மணி அம்மாவுக்கு இரவு 9. வாரத்தில் நான்கு நாள், 20 நிமிடம், அந்த நேரத்தில் பேசுங்கள். நேரம் முன்பே குறித்திருக்க வேண்டும். மனம் உடைகிற நொடியில் எல்லாம் போனை எடுத்தால், உடைந்தால்தான் அம்மா கிடைப்பார் என்று மனம் பழகிக்கொள்ளும். இரவு 1 மணி அழைப்பை மட்டும் முழுதாக விட்டுவிடுங்கள். உங்கள் தூக்கம் இரண்டு நாட்டுக் கடிகாரத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறது. சீக்கிரம் படுக்க முயன்றால் தூக்கம் வராது, அதனால் எழும் நேரத்தைப் பிடியுங்கள். ஞாயிறு உட்பட தினமும் 7.30-க்கு எழுந்து, அரை மணி நேரம் வெளியே வெளிச்சத்தில் நடங்கள். முதல் சில நாள் வகுப்பில் கண் சொக்கும். பகலில் படுக்காமல் சமாளித்தால் படுக்கும் நேரம் தானாக முன்னே வரும்.

அந்த ஆய்வக நண்பரிடம் நாளையே பேசலாம். "முன்னாடி நீ கூப்பிட்டப்போ வீட்டுக்குப் பேசிட்டிருந்தேன், இப்போ நேரம் மாத்திட்டேன். வியாழக்கிழமை சேர்ந்து சாப்பிடலாமா?" என்று காரணம், கிழமை இரண்டும் சேர்த்துச் சொல்லுங்கள். 'ஒருநாள் பார்க்கலாம்' என்றால் அந்த ஒருநாள் வராது. அவருக்கு இப்போது வேறு கூட்டம் அமைந்திருக்கலாம். முடியாது என்றால் அது அவர் ஒருவரின் பதில். விடுதியின் ஆறு பேர் சமையலறை இன்னும் இருக்கிறது. அறைக்கு எடுத்துப்போய்ச் சாப்பிடும் வழக்கம் இருந்தால், அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுங்கள், தினமும் ஒரே நேரத்தில். பேச்சு வராவிட்டாலும் பரவாயில்லை. 1992-ல் மோர்லேண்ட், பீச் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவர் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். நான்கு பெண்களை ஒரே பாடத்தின் வகுப்புகளுக்கு வெவ்வேறு எண்ணிக்கையில் வந்து உட்காரச் சொன்னார்கள், யாரோடும் பேசக் கூடாது. 15 முறை வந்தவரை மாணவர்கள் அதிகம் விரும்பினார்கள், ஒருமுறையும் வராதவரைக் குறைவாக. முகம் பழகுவதற்கே அவ்வளவு பலம். இருநூறு பேர் கூடும் வரவேற்பு விழாக்களில் இது நடக்காது, ஒவ்வொரு முறையும் முகம் மாறும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். வீட்டு ஏக்கம் அலை மாதிரி வரும். மாலையில் கனக்கும், வேலையில் மூழ்கினால் இறங்கும், வீட்டைப் பற்றிய இனிமையான நினைவு உள்ளே இன்னும் இனிக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் நாள் முழுக்க ஒரே பாரமாக இருந்தால், வீட்டு நினைவும் இனிக்காமல் போனால், அது மனச்சோர்வாக இருக்கலாம். பல்கலைக்கழக ஆலோசனை மையத்தில் நேரம் வாங்குங்கள், நீங்கள் தவறவிட்ட நான்கு வகுப்புகளையும் அங்கே சொல்லுங்கள். பெரும்பாலான இடங்களில் அது இலவசம், வீட்டுக்குத் தகவல் போகாது. உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் காத்திருக்காமல் அந்த நாட்டின் அவசர எண்ணை அழையுங்கள்.

அம்மாவிடம் பேசிய பிறகு, அவர் கேட்ட முதல் கேள்வி என்ன என்று எனக்கு எழுதுங்கள்.