பீன்ஸ் பச்சை மாறாமல் வதக்க இரும்புக் கடாய் வேண்டுமா?

கேள்வி: கடைகளில் சாப்பிடும் பீன்ஸ் பச்சைப்பசேலென்று, கடித்தால் நறுக்கென்று இருக்கிறது. நான் அரைக் கிலோ வதக்கினால் தண்ணீர் விட்டு, நிறம் மங்கி, கொழகொழவென்று ஆகிவிடுகிறது. நான்ஸ்டிக்கை விட்டுவிட்டு இரும்புக் கடாய் வாங்கட்டுமா? சமையல் சோடா சேர்க்கலாமா?

பதில்: கடாய்க்குப் பணம் போடும் முன், இருக்கிற கடாயிலேயே ஒரு முறை கால் கிலோ மட்டும் வதக்கிப் பாருங்கள். வீட்டு அடுப்பின் சூட்டுக்கு அரைக் கிலோ மிக அதிகம். மொத்தமாகக் கொட்டியதும் கடாய் ஆறிவிடும், காயிலிருந்து வரும் தண்ணீர் ஆவியாகாமல் அடியில் தேங்கும், அப்புறம் காய் வதங்காது, வேகத்தான் செய்யும். காது கொடுத்துக் கேட்டால் தெரியும்: ‘சொய்’ என்ற சத்தம் அடங்கி ‘களக் களக்’ என்று கொதிக்கத் தொடங்கினால் கூட்டம் அதிகமாகிவிட்டது. இரண்டு தடவையாக வதக்குங்கள்.

காயை நறுக்கும் முன்பே கழுவி, துணியில் பரப்பி ஈரம் போக விடுங்கள். எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும் போட்டு, பெரிய தீயில் நான்கைந்து நிமிடம் கிளறுங்கள். உப்பு கடைசி நிமிடத்தில் போதும். முதலிலேயே போட்டால் அது காயின் நீரை வெளியே இழுத்துவிடும்.

மூடி போடவே வேண்டாம். பீன்ஸ் சூடானதும் அதிலிருக்கும் அமிலம் வெளிவரும். அந்த அமிலமும் சூடும் சேர்ந்து பச்சையத்திலுள்ள மெக்னீசியத்தை நீக்குவதால்தான் நிறம் பழுப்புப் பச்சையாகிறது. மூடினால் அமில ஆவி மறுபடி காய் மேலேயே சொட்டும். எலுமிச்சம்பழம் பிழிவதானால் இறக்கிப் பரிமாறும்போது பிழியுங்கள்.

சோடா நிறத்தைக் காப்பாற்றும் என்பது உண்மைதான். ஆனால் காயின் செல்சுவரைக் கரைத்துக் குழைத்துவிடும். நறுக்கென்ற கடி போய்விடும். எனவே வேண்டாம். கொஞ்சம் தடித்த பீன்ஸ் என்றால், உப்புப் போட்டுக் கொதிக்கிற தண்ணீரில் 2 நிமிடம் போட்டெடுத்து, குளிர்ந்த நீரில் அலசி, நன்றாக வடித்துத் துடைத்த பிறகு வதக்குங்கள். துடைக்காமல் போட்டால் பழைய கதைதான்.

வாங்கும்போது ஒரு காயை ஒடித்துப் பாருங்கள். சட்டென்று ஒடிய வேண்டும். வளைந்து கொடுத்தாலோ, உள்ளே விதை புடைத்திருந்தாலோ விட்டுவிடுங்கள். முற்றிய காய் மெத்தென்று ஆக அதிக நேரம் எடுக்கும், அதற்குள் பச்சை போய்விடும்.

இப்படிச் செய்தும் திருப்தி இல்லையென்றால் இரும்புக் கடாய் வாங்குங்கள். நான்ஸ்டிக்கை வெறுமையாக அதிகம் காயவைக்கக் கூடாது, பூச்சு கெடும். இரும்பை நன்றாகக் காய வைக்கலாம். கையில் தூக்கிப் பார்த்து, அடி கனமாக இருப்பதை எடுங்கள். மெல்லிய தகடு காய் விழுந்ததுமே ஆறிவிடும். இண்டக்‌ஷன் அடுப்பு என்றால் அடி தட்டையாக இருப்பது அவசியம். வதக்கியதும் காயை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள், கடாயின் சூட்டிலேயே அது தொடர்ந்து வெந்துகொண்டிருக்கும்.