கையில் ப்ரொவிஷனல் மட்டும்தான் இருக்கிறதா? எங்கே செல்லும், எங்கே கேள்வி வரும்

அம்மா, நீங்கள் எழுதியதைப் படித்தேன். தம்பி பி.இ. முடித்து, ரிசல்ட் வந்து, ப்ரொவிஷனல் கைக்கு வந்துவிட்டது. பட்டமளிப்பு விழா எப்போது என்று கல்லூரியில் யாருக்கும் தெரியவில்லை. சென்னையில் ஒரு கம்பெனியில் சேரச் சொல்லியிருக்கிறார்கள், கூடவே பேங்க் எக்ஸாமும் எழுதுகிறான், துபாயில் இருக்கும் மாமா வேறு "ஒரிஜினல் டிகிரி இருந்தால் அனுப்பு" என்கிறார். ஒரே பேப்பரை மூன்று இடத்திலும் மூன்று விதமாகப் பார்ப்பார்கள் என்பதால்தான் உங்களுக்கு இவ்வளவு குழப்பம்.

முதலில் இரண்டு சான்றிதழையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ப்ரொவிஷனலில் கையெழுத்து போடுபவர் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர். இந்தப் பதிவு எண்ணுள்ள மாணவர் இந்த மாதம் நடந்த தேர்வில் தேறிவிட்டார், பட்டம் பெறத் தகுதியானவர் என்று அது சொல்கிறது. டிகிரி சர்டிபிகேட் விழா நடந்த பிறகு, பல்கலைக்கழகம் பட்டத்தை வழங்கிவிட்டதாகத் தருவது. படிப்பும் மதிப்பெண்ணும் இரண்டிலும் ஒன்றுதான், ஆனால் தேதி வேறு. ப்ரொவிஷனல் தேதி ரிசல்ட்டை ஒட்டி வரும், டிகிரி தேதி பல மாதம், சில நேரம் ஒரு வருஷம்கூடத் தள்ளி வரும். யூஜிசி 2008 விதிப்படி மாணவர் தகுதி பெறும் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பட்டம் கொடுத்திருக்க வேண்டும். நம் ஊரில் துணைவேந்தர் பதவி காலியாகக் கிடந்தே விழாக்கள் தள்ளிப்போனதை நாம் பார்த்தோம், அதனால் அந்த 180 நாளை நம்பி எந்தத் திட்டமும் போடாதீர்கள்.

சரி, கம்பெனி விஷயம். புதிதாகப் படித்து முடித்தவனிடம் எந்த எச்.ஆரும் முதல் நாளே டிகிரி கேட்பதில்லை, ஏனென்றால் அந்த பேட்சில் யாருக்குமே அது வந்திருக்காது. எல்லா செமஸ்டர் மார்க் ஷீட், கன்சாலிடேட்டட் மார்க் ஷீட் இருந்தால் அது, ப்ரொவிஷனல் — இவை போதும். பிறகு பின்னணிச் சரிபார்ப்புக்கு வெளி நிறுவனம் ஒன்று பதிவு எண்ணை வைத்துப் பல்கலைக்கழகத்திடமே நேரடியாகக் கேட்கும், அதில் ப்ரொவிஷனலும் டிகிரியும் ஒரே பதிலைத்தான் கொண்டுவரும். ஆனால் ஆஃபர் லெட்டரில் ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள்: சேர்ந்த ஆறு மாதத்திலோ ஒரு வருஷத்திலோ டிகிரி சர்டிபிகேட் காட்ட வேண்டும் என்று. அப்படி இருந்தால் அந்தக் கெடு முடியும் முன்பே, விழா இன்னும் நடக்கவில்லை என்று பல்கலைக்கழக அறிவிப்பையோ கல்லூரிக் கடிதத்தையோ இணைத்துத் தம்பி எச்.ஆருக்கு ஒரு மெயில் போட்டுவிடட்டும். கெடு முடிந்து அவர்களாகக் கேட்ட பிறகு சொன்னால் அதே காரணம் சாக்காகத் தெரியும்.

இன்னொன்று, இது முக்கியம். ஒரிஜினலைக் கம்பெனியில் ஒப்படைக்கச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். காட்டலாம், ஸ்கேன் செய்துகொள்ளட்டும், நகலில் கையெழுத்து போட்டுக் கொடுக்கலாம். கல்லூரிகளே மாணவர்களின் ஒரிஜினலைப் பிடித்து வைக்கக்கூடாது என்று யூஜிசி 2018-ல் அறிவித்தது. அது கல்லூரிகளுக்கான உத்தரவு, கம்பெனியை நேராகக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் வேலையை விட்டு வெளியே வரும்போது சர்டிபிகேட்டுக்காகக் கெஞ்சும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், அந்த நிலை உங்கள் வீட்டுக்கு வரக்கூடாது.

ஐந்தாறு வருஷ அனுபவத்தோடு வேலை மாறும்போது இந்தக் கதை மாறிவிடும். 2018-ல் முடித்தவர் இன்றும் ப்ரொவிஷனலை நீட்டினால், "டிகிரி ஏன் வாங்கவில்லை?" என்று யாரும் கேட்பார்கள். அரியர் நின்றதோ, கட்டண பாக்கியோ என்று சந்தேகம் போகும். பெரும்பாலும் காரணம் எளிமையானது, விழாவுக்குப் போகவில்லை, நேரில் வராமல் பட்டம் பெற விண்ணப்பிக்கவும் இல்லை, அவ்வளவுதான். இப்போதும் அபராதத்தோடு விண்ணப்பிக்க வழி இருக்கும், ஆனால் வேலை மாறும் நெருக்கடியில் அந்த அலைச்சல் வேண்டாம்.

மேற்படிப்பு என்றால் கவலையே குறைவு. எம்.இ., எம்.பி.ஏ., எம்.எஸ்சி. சேர்க்கை ஜூன் முதல் செப்டம்பருக்குள் நடந்து முடிவதால் அந்த பேட்ச் மாணவர் யாரும் டிகிரி வைத்திருக்க மாட்டார்கள் என்பது சேர்க்கை அலுவலகத்துக்கே தெரியும். ப்ரொவிஷனல், மார்க் ஷீட், டி.சி. கேட்பார்கள், வேறு பல்கலைக்கழகத்துக்குப் போனால் மைக்ரேஷன் சர்டிபிகேட்டும் கேட்பார்கள். பிள்ளைகள் மறந்துவிடுவது இந்த மைக்ரேஷனைத்தான். ரிசல்ட்டே வரவில்லையென்றால் படிப்பை முடித்ததாகக் கல்லூரி தரும் சான்றை வைத்துத் தற்காலிகமாகச் சேர்த்துக்கொண்டு, குறிப்பிட்ட தேதிக்குள் ப்ரொவிஷனல் கேட்கிற இடங்களும் உண்டு. அந்தத் தேதியைத் தாண்டினால் இடம் போய்விடும். ஒரு பேப்பர் அரியர் இருந்தாலும் ப்ரொவிஷனல் வராது, அதை எழுதித் தேறிய பிறகுதான் வரும், ஆகவே அரியர் இருப்பவர் அந்தத் தேதியைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டே பணம் கட்ட வேண்டும்.

இப்போது அரசுத் தேர்வு. ஒரு நாள் வித்தியாசத்தில் பிள்ளைகள் வெளியே நிற்பது இங்கேதான், அதனால் இதை நிதானமாகச் சொல்கிறேன்.

அரசுத் தேர்வில் ப்ரொவிஷனலா டிகிரியா என்பது பெரிய கேள்வி இல்லை, பெரும்பாலும் இரண்டில் எதைக் காட்டினாலும் ஏற்பார்கள். அவர்கள் கவனிப்பது தகுதி எந்தத் தேதியில் கிடைத்தது என்பதை. டிஎன்பிஎஸ்சி தேர்வுகளில் அறிவிக்கை வெளியான தேதியன்றே கல்வித்தகுதி இருந்திருக்க வேண்டும். வங்கித் தேர்வுகளில் அறிவிக்கையில் ஒரு கடைசித் தேதி குறிப்பிடுவார்கள், அன்றைக்குள் ரிசல்ட் வந்திருக்க வேண்டும். யூபிஎஸ்சி சிவில் சர்வீஸ் வேறு மாதிரி, கடைசி வருஷத்தில் இருப்பவரும் முதல்நிலை எழுதலாம், மெயினுக்கு விண்ணப்பிக்கும்போது தேறியதற்குச் சான்று காட்டினால் போதும். மூன்றும் மூன்று கணக்கு, ஒன்றுக்குச் சரியாக வந்தது இன்னொன்றுக்கு வராது.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். ஒரு பெண் ஏப்ரலில் கடைசி செமஸ்டர் எழுதுகிறாள். இணையத்தில் ரிசல்ட் ஜூன் 12. டிஎன்பிஎஸ்சி அறிவிக்கை ஜூன் 20. கல்லூரியிலிருந்து வாங்கிய ப்ரொவிஷனலில் அச்சிட்ட தேதி ஜூன் 30. அவள் ஜூன் 12-லேயே தேறிவிட்டாள், ஆகவே தகுதி உண்டு. ஆனால் சான்றிதழ் சரிபார்ப்பில் மேஜைக்கு எதிரே இருப்பவர் கண்ணில் படுவது ஜூன் 30 என்ற தேதிதான். "அறிவிக்கைக்குப் பிறகு வாங்கியதாக இருக்கிறதே" என்பார். அப்போது ரிசல்ட் ஜூன் 12 அன்றே வெளியானது என்று பல்கலைக்கழகத்திலிருந்து எழுத்துமூலம் சான்று கையில் இருக்க வேண்டும். செல்போனில் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டினால் எடுபடாது.

வங்கித் தேர்விலும் கிட்டத்தட்ட இதே சிக்கல், ஆனால் அங்கே விதியே தெளிவாக எழுதியிருக்கிறது. மார்க் ஷீட்டிலோ ப்ரொவிஷனலிலோ உள்ள தேதிதான் தேறிய தேதியாகக் கணக்கில் வரும். ரிசல்ட் இணையத்தில் மட்டும் வந்து, சான்றிதழ் பிந்தி வந்திருந்தால், எந்தத் தேதியில் தேறினார் என்று குறிப்பிட்டுப் பல்கலைக்கழகத்தின் உரிய அதிகாரி கையெழுத்திட்ட ஒரிஜினல் கடிதம் வேண்டும். நேர்காணல் அழைப்பு வந்த பிறகு ஒரு வாரத்தில் இந்தக் கடிதத்தை வாங்குவது கடினம், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் வரிசை எப்படி இருக்கும் என்று போனவர்களுக்குத் தெரியும். தம்பிக்கு ரிசல்ட் தேதிக்கும் ப்ரொவிஷனல் தேதிக்கும் நடுவில் ஏதாவது அறிவிக்கையின் கடைசித் தேதி விழுகிறதா என்று இன்றே பாருங்கள். விழுந்தால் மட்டும் இந்தக் கடிதத்துக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். விழவில்லையென்றால் தேவையே இல்லை.

டிகிரியில் வேறு ஒரு தேதி, அதுவும் ரொம்பத் தள்ளி இருக்கும் என்பதால், சரிபார்ப்புக்குப் போகும்போது டிகிரி வந்திருந்தாலும் ப்ரொவிஷனலைக் கூட எடுத்துப் போகச் சொல்லுங்கள். டிகிரி வந்ததும் பழையதைத் தூக்கிப் போடுபவர்கள் உண்டு. தேறிய காலத்துக்கு நெருக்கமான தேதி அதில்தான் இருக்கிறது, அதைப் பத்திரமாக வைக்க வேண்டும்.

மாமா கேட்ட துபாய் விஷயத்துக்கு வருகிறேன். வெளிநாட்டில் மேற்படிப்பு என்றால் ப்ரொவிஷனலை வைத்து நிபந்தனையோடு இடம் தருகிற பல்கலைக்கழகங்கள் நிறைய இருக்கின்றன. வளைகுடா வேலை அப்படியில்லை. பட்டதாரி வேலைக்கான விசாவுக்கு டிகிரி சர்டிபிகேட்டில் வரிசையாக முத்திரை வாங்க வேண்டும்: மாநில அரசு, பிறகு டெல்லியின் வெளியுறவு அமைச்சகம், பிறகு ஐக்கிய அமீரகத் தூதரகம், அங்கே போன பின் அவர்கள் அமைச்சகம். முத்திரையும் ஸ்டிக்கரும் ஒரிஜினலின் பின்பக்கத்தில் விழும். அதனால் கையில் டிகிரி இல்லாமல் மாமாவுக்கு "ரெடி" என்று சொல்லாதீர்கள். இன்னொரு விஷயம், டிகிரி வந்ததும் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று லேமினேட் செய்யாதீர்கள். லேமினேட் செய்த பேப்பரில் முத்திரை குத்த முடியாது, பிரித்தெடுக்கும்போது அச்சே உரிந்துவிடும். பிளாஸ்டிக் கவரில் போட்டு வையுங்கள், அது போதும்.

கடைசியாக ப்ரொவிஷனலை நன்றாக வெளிச்சத்தில் வைத்து பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். பெயர், இனிஷியல், அப்பா பெயர் எல்லாம். பி.இ. பிரிவு சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். பல பல்கலைக்கழகங்களில் டிகிரியில் பெயர் தமிழிலும் அச்சாகும், அதற்கு நீங்கள் கொடுக்கிற எழுத்துதான் போகும், அதையும் விண்ணப்பத்தில் பார்த்து எழுதச் சொல்லுங்கள். ப்ரொவிஷனலில் பிழை இருந்தால் இப்போதே கல்லூரி வழியாகத் திருத்தலாம். டிகிரி அச்சான பிறகு திருத்துவது பெரிய வேலை, கட்டணமும் அதிகம், மாதக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும்.

பட்டமளிப்பு அறிவிப்பு வந்ததும், நேரில் வரமுடியாது என்றாலும், விண்ணப்பத்தைக் கடைசித் தேதிக்குள் போட்டுவிட வேண்டும். தம்பி சென்னையில் இருந்தால் நீங்களே கல்லூரி அலுவலகத்தில் ஒரு முறை கேட்டுவிட்டு, யார் வந்து வாங்கலாம், அதிகாரக் கடிதம் எந்த மாதிரி வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். டிஜிலாக்கரில் தம்பி பெயரில் டிகிரி ஏறியிருந்தால் அதையும் இறக்கி வையுங்கள், உள்நாட்டில் பல இடங்களில் அதுவே செல்லும், ஆனால் துபாய் முத்திரைக்கு காகிதம்தான் வேண்டும்.