ரவா கேசரி: கட்டி விழாமல் கிளற

"ஒரு கப் ரவைக்கு ரெண்டு கப் தண்ணிதான் வைக்கிறேன். கிளறும்போதே கட்டி கட்டியா ஆயிடுது, ஆறினா கல்லு மாதிரி இறுகிடுது. தண்ணி எவ்வளவு வைக்கணும், நெய்யை எப்போ ஊத்தணும்?"

இரண்டு கப் போதாது. ஒரு கப் ரவைக்கு மூன்று கப் தண்ணீர், ஒன்றரை கப் சர்க்கரை, அரை கப் நெய் வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே கப்பால் அளக்க வேண்டும். உப்புமாவுக்குப் பழகிய கை கேசரிக்கும் தண்ணீரைக் குறைத்துவிடும். சர்க்கரை சேர்ந்த பிறகு ரவை தண்ணீரைச் சரியாக இழுக்காது என்பதால் ரவை முன்னதாகவே நிறையத் தண்ணீர் குடித்திருக்க வேண்டும்.

நெய்யை மூன்று பங்காக்குங்கள். முதல் பங்கில் முந்திரி, திராட்சையை வறுத்து எடுத்துவிட்டு, அதே நெய்யில் ரவையைச் சிறு தீயில் வறுக்க வேண்டும். ஆறேழு நிமிடமாகும். கடையில் வறுத்தே விற்கும் ரவைக்கும் இது வேண்டும். மணத்துக்காக மட்டுமில்லை, ஒவ்வொரு மணியிலும் நெய் பூசிக்கொண்டால்தான் ஒன்றோடொன்று ஒட்டாது. கரண்டியைச் சாய்த்தால் ரவை மணல் போலச் சரிய வேண்டும். நிறம் மாற விடாதீர்கள், கேசரி மங்கிப்போகும். வறுத்ததும் தட்டில் கொட்டிவிடுங்கள். வாணலிச் சூட்டிலேயே கருகும்.

மூன்று கப் தண்ணீரில் கேசரிப் பவுடரோ குங்குமப்பூவோ போட்டுத் தளதளவென்று கொதிக்க விடுங்கள். தீயைக் குறைத்து, ஒரு கையால் ரவையைத் தூவிக்கொண்டே மறு கையால் கிளறுங்கள். மொத்தமாகக் கொட்டினால் குவியலின் வெளிப்பக்கம் உடனே வெந்து பசையாகிவிடும், உள்ளே தண்ணீர் போகாது. கட்டியை உடைத்துப் பார்த்தால் நடுவில் காய்ந்த ரவை இருப்பது அதனால்தான்.

தண்ணீர் வற்றியதும் மூடி, சிறு தீயில் மூன்று நான்கு நிமிடம் விடுங்கள். இந்த இடத்தில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். சர்க்கரை விழுந்த பிறகு ரவை சரியாக வேகாது. வேகாத ரவைதான் ஆறியதும் விறைக்கும். கொஞ்சம் எடுத்து விரலால் நசுக்குங்கள். நறநறவென்றால் கால் கப் வெந்நீர் தெளித்து மறுபடி மூடலாம். கட்டி இருந்தாலும் இப்போதே கரண்டியின் பின்பக்கத்தால் மசித்துவிடுங்கள், சர்க்கரை போட்ட பிறகு மசியாது.

இனிச் சர்க்கரை. போட்டதும் கேசரி இளகித் தண்ணியாகும், பயப்பட வேண்டாம். இரண்டாம் பங்கு நெய்யை ஊற்றிக் கிளறினால் சில நிமிடத்தில் சேர்ந்து வரும். கடைசிப் பங்கையும் ஊற்றி, ஏலக்காய்த் தூள், முந்திரி, திராட்சை சேர்த்து, வாணலியில் ஒட்டாமல் சுருண்டு வரும்போதே இறக்குங்கள். "இன்னும் கொஞ்சம் கெட்டியாகட்டும்" என்று விட்டால் பாகு முறுகிவிடும். அடுப்பில் சற்றுத் தளர்வாகத் தெரிவதுதான் ஆறியதும் சரியான பதம்.

ஃப்ரிட்ஜில் வைத்து இறுகியிருந்தால் இரண்டு ஸ்பூன் வெந்நீர் தெளித்து மூடி, சிறு தீயில் சூடாக்குங்கள்.